2025இல் நாங்கள் பணக்காரர்: ஒரு பழைய தலைப்பின் கதை

2022 ஜூலை இரண்டாவது கிழமை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெற்றோல் செட்டுக்கு அரைக் கிலோமீற்றர் தள்ளி, மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு ஒரு வேலி நிழலில் குந்தியிருந்தேன். பவுசர் எப்ப வரும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கு ஓரிரு நாளைக்கு முந்தித்தான், ஜூலை 9ஆம் தேதி, கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்திருந்தது. அன்று இரவு பிரதமரின் சொந்த வீடு எரிந்திருந்தது. கைபேசியில் அந்த வீடியோக்களைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் ரொறன்ரோவில் இருக்கிற மாமா குடும்பக் குழுவுக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். உலகப் பொருளாதார மன்றத்தின் பக்கம். இலங்கைப் பிரதமர் எழுதிய கட்டுரை. 2025ஆம் ஆண்டுக்குள் என் நாட்டைப் பணக்கார நாடாக்குவது இப்படித்தான் என்பது தலைப்பு. எழுதியவர் ரணில் விக்கிரமசிங்க. கீழே மாமாவின் குரல் பதிவு: "தம்பி, உங்கட பிரதமர் இப்ப எழுதியிருக்கிறார், பாத்தியோ? வீடு எரியேக்கையும் மனுசனுக்குக் கதை குறையேல்ல."

நான் சிரித்தேன். ஆனால் மாமா நம்பியதை நான் நம்பவில்லை. இது யாரோ நக்கலுக்குச் செய்த படம் என்று நினைத்தேன். பெற்றோல் வரிசையில் நிற்கிறவனுக்கு இவ்வளவு பொருத்தமான பகிடியைச் செய்தி நிறுவனம் செய்யாது, மீம் போடுகிற ஒரு பெடியன்தான் செய்வான் என்பது என் கணிப்பு. உடனே மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். கம்பஸ் குழுவில் ஒருத்தன் கேட்டான், "மச்சான், உது ஒரிஜினலோ?" நான் எழுதினேன், "இல்லையடா, ஆரோ எடிட் பண்ணினது."

அடுத்த நாள் அதே நண்பன் எனக்கு ஒரு வெளிநாட்டுப் பதிவை அனுப்பினான். அதே ஸ்கிரீன்ஷொட். மேலே பெரிய விளக்கம்: இந்த மன்றம் தீட்டிய திட்டத்தை இலங்கை நடைமுறைப்படுத்தியது, அதனால்தான் நாடு விழுந்தது, இப்ப மன்றம் கட்டுரையை அழித்துவிட்டது, அழித்ததே குற்றத்துக்குச் சாட்சி. நண்பன் கீழே ஒரு வரி போட்டிருந்தான்: "நீ பகிடி எண்டாய். உண்மையை மறைக்கிறாங்கள்."

ஒரே தலைப்பு. மாமாவுக்கு அது புதுச் செய்தி. எனக்கு அது நையாண்டி. நண்பனுக்கு அது சதியின் ஆதாரம். மூன்று பேரும் பிழை. இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம், அந்தத் தலைப்பில் ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றியிருக்கவில்லை என்பதுதான். "உண்மையா பொய்யா" என்று கேட்டிருந்தால் "உண்மை" என்ற பதில்தான் வந்திருக்கும், அந்தப் பதில் எங்கள் மூன்று பேருக்கும் உதவியிருக்காது.

அந்தக் கட்டுரை 2018 ஆகஸ்டில் வெளிவந்தது. அப்போதும் ரணில்தான் பிரதமர். அந்த அரசாங்கம் 2017 செப்டெம்பரிலேயே "தொலைநோக்கு 2025" என்று ஒரு பொருளாதாரத் திட்டத்தை வெளியிட்டிருந்தது. 2025 என்ற எண் அங்கிருந்து வந்தது. கட்டுரை வந்து இரண்டு மாதத்தில், 2018 ஒக்டோபர் 26ஆம் தேதி, ஜனாதிபதி சிறிசேன அவரைப் பதவி நீக்கினார். டிசெம்பரில் திரும்பி வந்தார். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. பிறகு 2022 மே 12ஆம் தேதி, நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க ஏலாது என்று அறிவித்து ஒரு மாதம் கழித்து, அதே ஆள் மறுபடியும் பிரதமரானார்.

பழைய செய்தியைக் கண்டுபிடிக்க வழமையாக உதவுகிற அடையாளம் இங்கே வேலை செய்யாமல் போனது இதனால்தான். சாதாரணமாக ஒரு பழைய தலைப்பு திரும்ப வந்தால் பதவிப் பெயர் காட்டிக்கொடுத்துவிடும். "அமைச்சர் இன்னார்" என்று இருக்கும், அவர் இப்ப அமைச்சராக இருக்க மாட்டார். எங்கள் நாட்டில் அதே ஆட்கள் அதே கதிரைக்குத் திரும்பி வருவதால், நாலு வருடப் பழைய தலைப்பும் இன்றைய தலைப்பு மாதிரியே நிற்கிறது. பிரதமர் என்றது 2018இலும் சரி, 2022 ஜூலையிலும் சரி.

இனி, அன்றைக்கு நான் வரிசையில் இருந்துகொண்டே செய்திருக்கக்கூடியது என்ன? பத்து நிமிச வேலை. அதைப் பிறகுதான் செய்தேன், அதுவும் நண்பனுடன் சண்டை பிடிக்கிற வேகத்தில்.

ஸ்கிரீன்ஷொட்டில் மேற்பட்டையைப் பார்க்க வேண்டும், இணைய முகவரி தெரிகிறதா என்று. பல செய்தித்தளங்கள் ஆண்டையும் மாதத்தையும் முகவரிக்குள்ளேயே வைக்கின்றன. இந்தக் கட்டுரையின் முகவரியில் அது இப்படி இருந்தது:

```
weforum.org/agenda/2018/08/
```

அவ்வளவுதான். கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாமா அனுப்பிய படத்தில் மேற்பட்டை வெட்டப்பட்டிருந்தது, தேதி வரியும் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் வெட்டியிருக்க வேண்டும் என்றில்லை. கைபேசியில் தலைப்பும் படமும் பெரிதாகத் தெரியட்டும் என்று நாங்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். முகநூலில் லிங்க்கைப் பகிர்ந்தாலும் இதே கதை: முன்னோட்டப் பெட்டியில் படம், தலைப்பு, தளத்தின் பெயர் வரும், தேதி பெரும்பாலும் வராது.

முகவரி இல்லாவிட்டால் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடலாம். அதோடு, இந்தத் தலைப்பு இப்போதைய சம்பவத்துக்கு முந்தியும் இருந்ததா என்று கூகிளிடமே கேட்கலாம்:

```
"how I will make my country rich by 2025" before:2022-05-01
```

அவர் மறுபடி பதவிக்கு வந்தது மே 12. அதுக்கு முந்தின நாட்களில் இந்த வாசகம் எங்காவது இருந்தால் அது இன்றைக்கு எழுதப்பட்டதல்ல. இதில் ஒரு கவனம் வேணும். கூகிள் ஒரு பக்கத்துக்குப் போடுகிற தேதி அதன் கணிப்பு, சில நேரம் பிழைக்கும். ஆகவே ஒரு முடிவை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுத வேண்டாம், பக்கத்தைத் திறந்து உள்ளே என்ன தேதி என்று பாருங்கள்.

பக்கமே திறபடாவிட்டால்? 2022 ஜூலையில் அதுதான் நடந்தது. கட்டுரை பரவத் தொடங்கியதும் மன்றத்தின் தளத்தில் அது இல்லாமல் போனது. அப்போது போக வேண்டிய இடம் `web.archive.org`. முகவரியை அதில் இட்டால் மேலே வருடங்கள் வரிசையாக வரும், கீழே நாட்காட்டி வரும், பக்கம் சேமிக்கப்பட்ட நாட்களில் வட்டம் இருக்கும். அந்த நாட்காட்டியை வாசிக்கிற முறை முக்கியம். முதலாவது வட்டம் கட்டுரை வெளியான நாள் அல்ல. "இந்த நாளில் இது ஏற்கெனவே இருந்தது" என்பதுக்கு மட்டும் அது சாட்சி. எங்கள் கேள்விக்கு அது போதும்: 2018இல் ஒரு வட்டம் இருந்தால் 2022இல் எழுதினார் என்ற கதை செத்துவிடும். மறுபக்கமும் உண்டு. வட்டமே இல்லை என்றால் பக்கம் இருக்கவில்லை என்று அர்த்தமாகாது, யாரும் சேமிக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். தமிழ்ச் செய்தித்தளங்கள் பலவற்றுக்கு இந்தச் சேமிப்பு மிகவும் ஓட்டையாகவே இருக்கிறது, முகநூல் பதிவுகளுக்கு இன்னும் மோசம்.

மாமாவின் பிழை இவ்வளவில் தீர்ந்தது. என் பிழை?

என் பிழையைப் பற்றி நான் கொஞ்சம் கூடக் கதைக்க வேணும், ஏனென்றால் அது கெட்டிக்காரர் என்று தங்களை நினைக்கிறவர்கள் விடுகிற பிழை. நான் நம்பாமல் இருந்ததால் ஏமாறவில்லை என்று நினைத்தேன். "இது இவ்வளவு பகிடியாக இருக்கிறது, ஆகவே நையாண்டி" என்பது ஒரு சோதனையே அல்ல. ஒரு விஷயம் சிரிப்பாக இருப்பதுக்கும் அதை யாரோ சிரிக்க வைக்க எழுதினார்கள் என்பதுக்கும் சம்பந்தமில்லை. 2018இல் அந்தத் தலைப்பை வாசித்திருந்தால் கொட்டாவிதான் வந்திருக்கும். பகிடி தலைப்பில் இல்லை. நான் குந்தியிருந்த அந்த வரிசையில் இருந்தது.

எதிர்ப்பக்கமாகவும் இது நடக்கும். 2012 நவம்பரில் தி ஒனியன் என்ற அமெரிக்க நையாண்டிப் பத்திரிகை, வட கொரியத் தலைவர் கிம் ஜொங் உன்னை உலகின் மிகக் கவர்ச்சியான ஆணாகத் தெரிவு செய்திருப்பதாக எழுதியது. சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மக்கள் நாளேடு இணையத்தில் அதை உண்மைச் செய்தியாக எடுத்து, கிம்மின் 55 படங்களோடு போட்டது. 2009இல் பங்களாதேசத்தில் இரண்டு பத்திரிகைகள், நிலவில் இறங்கியது பொய் என்று நீல் ஆம்ஸ்ட்ரோங்கே ஒத்துக்கொண்டார் என்ற ஒனியனின் இன்னொரு கட்டுரையைச் செய்தியாக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டன. அந்த ஆசிரியர்கள் முட்டாள்கள் என்று சொல்லிச் சிரிக்க எனக்கு மனமில்லை. நையாண்டி, செய்தியின் நடையை அப்படியே அணிந்துகொண்டு வருவது. அது நையாண்டி என்று சொல்வது அந்தப் பத்திரிகையின் பெயர், பக்கத்தில் இருக்கிற மற்றத் தலைப்புகள், அதன் வாசகருக்குப் பழகிப்போன தொனி. மொழிபெயர்த்தால் தொனி போய்விடும். ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் பெயரும் பக்கத்துத் தலைப்புகளும் போய்விடும். சிங்களத்தில் பகிடிக்குப் போட்ட ஒன்று தமிழில் "பரபரப்புத் தகவல்" என்று வந்து இறங்குவதும் இதே வழியால்தான்.

ஆகவே நையாண்டியா என்று பார்க்க, அந்தக் கட்டுரையை மறுபடி மறுபடி வாசிப்பதில் பலனில்லை. அதே தளத்தில் வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் பக்கத்தில் ஐந்து தலைப்புகளை வாசித்தால் தெரிந்துவிடும். தளத்தின் "எங்களைப் பற்றி" பகுதியில் பெரும்பாலும் ஒரு வரி எழுதியிருப்பார்கள். ஒரு செய்தி நிறுவனத்தின் சின்னத்தோடு வருகிற செய்தி அட்டை என்றால், அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அதே நாளில் அந்த அட்டை இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். சின்னத்தை வெட்டி ஒட்ட ஐந்து நிமிசம் போதும். எழுத்துரு வித்தியாசமாக இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் எழுத்துரு ஒத்திருந்தால் நம்பலாம் என்று எடுக்க வேண்டாம்.

நண்பனின் பிழைதான் கஷ்டமானது. அவனிடம் தேதி இருந்தது. கட்டுரை உண்மை என்பதும் தெரியும். அழிக்கப்பட்டது என்பதும் சரி. எல்லாத் துண்டும் உண்மை, ஒட்டிய பசைதான் பொய். 2018 கட்டுரை, 2022 வீழ்ச்சி, இரண்டுக்கும் நடுவில் "அதனால்தான்" என்ற ஒரு சொல்.

அந்தச் சொல்லைச் சோதிக்க நடுவில் இருக்கிற நாலு வருடத்தை நிரப்பிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பதிவுகள் அதிகம் தூக்கிப் பிடித்தது இரசாயன உரத் தடையை. அந்தத் தடை வந்தது 2021 மே மாதத்தில், கோட்டாபய ராஜபக்சவின் ஆட்சியில். பத்து வருடத்தில் சேதன உரத்துக்கு மாறுவோம் என்பது 2019இல் அவருடைய தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்தது. பத்து வருடம் என்றதை ஒரே இரவில் செய்தார்கள். கட்டுரையை எழுதியவர் அப்போது ஆட்சியில் இல்லை, 2020 தேர்தலில் அவருடைய கட்சிக்கு மாவட்டத்தில் ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை, ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனம்தான். 2019 கடைசியில் செய்த பெரிய வரிக்குறைப்பும் புதிய ஆட்சியின் வேலை. இதைச் சொன்னதும் நண்பன் கேட்டான், "அப்ப ரணில் சுத்தமோ?" இல்லை. சர்வதேசச் சந்தையில் இறைமைப் பத்திரங்கள் விற்றுக் கடன் எடுப்பது 2007இல் தொடங்கியது, 2015க்குப் பிறகு வந்த அவருடைய அரசாங்கமும் அதைத் தாராளமாகச் செய்தது. திட்ட வேணும் என்றால் அதுக்குத் திட்டலாம். ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்கு இந்தத் தலைப்பு ஆதாரமில்லை. பிழையான ஆதாரத்தோடு போனால் சரியான குற்றச்சாட்டும் சிரிப்புக்கிடமாகிவிடும் என்பதுதான் எனக்குக் கவலை.

அழித்த விஷயத்தில் மட்டும் நண்பனின் கோபம் நியாயம் என்று நினைக்கிறேன். ஒரு பழைய கட்டுரை பிழையாகப் பரவினால் செய்ய வேண்டியது அதன் மேல் தேதியைப் பெரிதாக எழுதுவது. 2019இல் தி கார்டியன் அதைத்தான் செய்தது. 2013ஆம் ஆண்டு குதிரை இறைச்சி விவகாரம் பற்றிய தங்கள் பழைய செய்தி திடீரென்று முகநூலால் வாசிக்கப்படுவதைக் கண்டு, பழைய கட்டுரைகளின் மேல் மஞ்சள் நிறத்தில் வயதைப் போட்டார்கள், லிங்க்கைப் பகிரும்போது வருகிற படத்திலும் ஆண்டு தெரிகிற மாதிரி வைத்தார்கள். அழித்தால் சரிபார்க்க வருகிறவனுக்குக் கதவு பூட்டு, சந்தேகிக்கிறவனுக்குத் தீனி. எங்கள் ஊர்ச் செய்தித்தளங்கள் இதில் இன்னும் பின்னுக்கு நிற்கின்றன. "நாளை முதல் பாடசாலைகளுக்கு விடுமுறை" என்று தலைப்பு போடுவார்கள். எந்த நாளை? ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தலைப்பு உயிர்த்தெழுகிறது. "நாளை", "இன்று", "இம்முறை" என்ற சொற்களைத் தலைப்பில் கண்டால் நான் இப்போது தானாகவே தேதியைத் தேடுகிறேன்.

இதெல்லாம் பெற்றோல் வரிசைப் பகிடி, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். 2018 பெப்ரவரி 26ஆம் தேதி இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கறிக்குள் ஒரு கட்டி இருந்தது. கருத்தடை மருந்து போட்டாயா என்று சிங்களத்தில் சத்தம் போட்டுக் கேட்டார்கள். சிங்களம் சரியாக விளங்காத அந்த மனிதர் பயத்தில் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலின் வீடியோ "ஒப்புக்கொண்டார்" என்ற தலைப்போடு பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தார், அது மாக்கட்டி. வீடியோவில் எடிட்டிங் எதுவும் தேவைப்படவில்லை. கேள்வி எந்த மொழியில், எத்தனை பேர் சுற்றி நிற்கக் கேட்கப்பட்டது என்பது தலைப்பில் இல்லை, அவ்வளவுதான். அடுத்த கிழமை திகன பற்றியெரிந்தபோது, நாடு அவசரகாலச் சட்டத்துக்குள் போனது, முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன.

என் நண்பனுக்கு வந்த பதிவும் அந்தத் தலையாட்டல் வீடியோவும் ஒரே வகை. அதனால்தான் மூன்று பிழைகளிலும் இதுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பழைய செய்தியைத் தேதி காட்டிக்கொடுக்கும், நையாண்டியைத் தளம் காட்டிக்கொடுக்கும். இது எல்லாச் சோதனையிலும் தப்பிவரும். அதைப் பிடிக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: தலைப்பு சொல்கிற விஷயத்தையும், பகிர்ந்தவர் மேலே எழுதிய வசனத்தையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிப் பார்ப்பது. "பிரதமர் ஒரு கட்டுரை எழுதினார்" ஒன்று. "அதனால் நாடு விழுந்தது" இன்னொன்று. முதலாவதுக்குக் காட்டிய ஆதாரம் இரண்டாவதுக்கும் கணக்கெடுக்கப்படுகிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்கும்.

வட்ஸ்அப்பைப் பற்றியும் ஒரு சொல். பல தடவை கைமாறிய செய்திக்கு அது இரட்டை அம்புக்குறி போடுகிறது, 2020 ஏப்ரலிலிருந்து அப்படியானதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் யாராவது படத்தைச் சேமித்துப் புதிதாக ஏற்றினால் அம்புக்குறி போய்விடும், எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும். மாமா அனுப்பியதில் அம்புக்குறி இருக்கவில்லை. தானே கண்டெடுத்த மாதிரி வந்தது.

மூன்று குழுக்களிலும் "நான் சொன்னது பிழை, கட்டுரை உண்மை, ஆனால் 2018" என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். முதல் அனுப்பியதுக்கு நாற்பது சிரிப்பு முகங்கள் விழுந்திருந்தன.

மாமாவுக்கு அழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப நாலு வருசத்துக்கு முந்தியும் இவர்தானோ பிரதமர்?"

"ஓம் மாமா."

"இப்பவும் இவர்தான்."

"ஓம்."

"அப்ப தேதியைப் போட்டாத்தானேடா பகிடி இன்னும் பெரிசு," என்றார். அன்று பின்னேரம் அதே படத்தைக் குடும்பக் குழுவுக்கு மறுபடி அனுப்பினார். தலைப்புக்கு மேலே, விரலால் கீறின கோணல் சிவப்பு எழுத்தில், 2018 என்று இருந்தது.